தலையாட்டிய இடங்கள்

சபரிமலை யாத்திரையை ஆராய்பவர், தானும் 41 நாள் விரதமிருக்கும் ஐயப்ப பக்தர் என்று வைத்துக்கொள்வோம். மாலை போட்டவர் என்பதால் குருசாமிகள் அவரிடம் மனம்விட்டுப் பேசுவார்கள். ஆனால் ஒருவர் "ஐயப்பன் கூப்பிட்டார், வந்தேன்" என்றதும் இவர் புரிந்ததாகத் தலையாட்டிவிடுவார். வெளியாளாக இருந்தால் "எப்படிக் கூப்பிட்டார்?" என்று கேட்டிருப்பார். விரதத்தை இடையில் முறித்தவரோ இவரிடம் வாயே திறக்கமாட்டார்.

ஆகவே ஆய்வுமுறை இயலில் "நானும் பக்தன்" என்ற ஒரு வரி போதாது. ஒலிப்பதிவை மறுபடி கேட்டு, கேள்வி கேட்காமல் விட்ட இடங்களைக் குறித்து, அதே ஆட்களிடம் திரும்பப் போய் என்ன கேட்டார், அதனால் எந்த முடிவு மாறியது, யாருடைய குரல் கடைசிவரை கிடைக்கவில்லை என்பதையும் அவர் எழுத வேண்டும்.