கிரியேட்டினின் கொஞ்சம் ஏறினால் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

ஐம்பத்தாறு வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. பி.பி. 150/90. யூரினில் அல்புமின் என்ற புரதம் இறங்கத் தொடங்கியிருக்கிறது. ரத்தத்தில் கிரியேட்டினின் 1.2. டாக்டர் தினமும் ராமிப்ரில் 2.5 மில்லிகிராம் எழுதித் தருகிறார். இரண்டு வாரம் கழித்து எடுத்த ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.4. அந்த எண் தடித்த எழுத்தில் இருக்கிறது, பக்கத்தில் ‘அதிகம்’ என்ற குறியும் இருக்கிறது.

“கிட்னியைக் காப்பாத்தத்தான் இந்த மாத்திரைன்னு சொன்னீங்க. இதைப் போட்ட பிறகுதானே டாக்டர் ஏறியிருக்கு?” என்று மனைவி கேட்கிறார். நியாயமான கேள்வி. டாக்டர் மாத்திரையை நிறுத்தவில்லை. “இரண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை பார்த்துடலாம்மா, மாத்திரை ஓடட்டும்” என்கிறார். பல வீடுகளில் இந்த இடத்தில்தான் மாத்திரை சொல்லாமல் நின்றுபோகிறது. ஏன் நிறுத்தக் கூடாது என்பதற்கு விடை சிறுநீரகத்துக்குள் இருக்கிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள் உண்டு. மெல்லிய ரத்தக் குழாய்கள் சுருண்டு முடிச்சுப் போட்டதுபோல இருக்கும். அந்த முடிச்சுக்குள் ரத்தம் ஒரு குழாய் வழியாக நுழைந்து, இன்னொரு குழாய் வழியாக வெளியேறும். வெளியேறும் குழாயைச் சற்று இறுக்கிப் பிடித்திருப்பது ஆஞ்சியோடென்சின்-2 என்ற ரசாயனம். தோட்டத்துக் குழாயின் நுனியை விரலால் பாதி அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறுவதுபோல, அந்த இறுக்கத்தால் முடிச்சுக்குள் அழுத்தம் கூடுகிறது, வடிகட்டலும் வேகமாக நடக்கிறது. சர்க்கரை நோயில் இந்த அழுத்தம் அளவுக்கு மீறிப் போகிறது. வருடக்கணக்கில் அதைத் தாங்கும் முடிச்சுகள் தழும்பேறி ஒவ்வொன்றாக வேலையை நிறுத்துகின்றன. யூரினில் அல்புமின் வருவது அதற்கான முன்னறிவிப்பு.

ராமிப்ரில், எனலாப்ரில், லிசினோப்ரில் போன்ற ஏ.சி.இ. தடுப்பு மாத்திரைகள் ஆஞ்சியோடென்சின்-2 உருவாவதைக் குறைக்கின்றன. வெளியேறும் குழாய் தளர்கிறது, முடிச்சுக்குள் அழுத்தம் இறங்குகிறது. அழுத்தம் இறங்கினால் வடிகட்டும் வேகமும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதனால் ரத்தத்தில் கிரியேட்டினின் சிறிது கூடுதலாகத் தங்குகிறது. ஆக, 1.2 என்பது 1.4 ஆனதற்குப் புதிதாக ஒரு வடிகட்டி கெட்டுப்போயிருக்க வேண்டியதில்லை. மருந்து போய்ச் சேர வேண்டிய இடத்தில் வேலை செய்கிறது என்பதாலேயே அந்த ஏற்றம் வரலாம்.

இந்த விலை கொடுத்தால் என்ன கிடைக்கிறது? 1993-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதல் வகைச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களில் 207 பேருக்கு கேப்டோப்ரிலும் 202 பேருக்கு மருந்தில்லாத மாத்திரையும் தந்தார்கள். சுமார் மூன்று வருடத்தில், கிரியேட்டினின் இரு மடங்கானவர்கள் முதல் குழுவில் 25 பேர், இரண்டாவதில் 43 பேர். பிறகு 2000-ஆம் ஆண்டில் பாக்ரிஸ், வீர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் பன்னிரண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் 30 சதவீதம் வரை ஏறி, முதல் இரண்டு மாதத்துக்குள் ஒரே நிலையில் நின்றுவிடும் கிரியேட்டினினுக்காக மருந்தை நிறுத்த வேண்டாம் என்றார்கள். இன்று டாக்டர்கள் கையாளும் 30 சதவீதக் கணக்கின் வேர் அங்கே இருக்கிறது.

அந்தக் கணக்கை ரிப்போர்ட்டில் உள்ள ‘அதிகம்’ குறியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. லேப் எல்லோருக்கும் பொதுவான வரம்பை வைத்துக் குறி போடுகிறது. டாக்டர் பார்ப்பது, மாத்திரைக்கு முன்னால் உங்களுக்கு இருந்த அளவை. நம் ஆளுக்கு ஏறியது 0.2. அவருடைய பழைய 1.2-இல் அது 17 சதவீதம், பரவாயில்லை. ஒல்லியான ஒரு அம்மாவுக்கு 0.8 என்பது 1.1 ஆனால் லேப் ஒரு குறியும் போடாமல் விடலாம். ஆனால் அது 37.5 சதவீத ஏற்றம், விசாரிக்க வேண்டிய ஏற்றம். அதனால்தான் மாத்திரை தொடங்கும் முன் எடுத்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும், கூடியவரை அதே லேபில் மறுபடி பார்க்க வேண்டும். 0.1 வித்தியாசம் லேபுக்கு லேப், நாளுக்கு நாள் வரக்கூடியதே.

இரண்டு வாரம் கழித்து நம் ஆளுக்கு மறுபடியும் 1.4. ஏறியது அங்கேயே நின்றுவிட்டது. டாக்டருக்கு வேண்டியிருந்த பதில் அதுதான். நான்கைந்து வாரமாகப் படிப்படியாக ஏறிக்கொண்டே போயிருந்தால், ஒவ்வொரு படியும் சின்னதாக இருந்தாலும் அவர் காரணத்தைத் தேடியிருப்பார்.

சில மாதம் கழித்து அவருக்கு முழங்கால் வலி. மருந்துக்கடையில் சொல்லி டைக்ளோஃபெனாக் வாங்கி ஒரு வாரம் போடுகிறார். பி.பி.க்காக நீர் மாத்திரையும் ஏற்கெனவே ஓடுகிறது. இதற்கு நடுவில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. கிரியேட்டினின் 2.1. இது 1.2-இலிருந்து 75 சதவீதம் மேலே, எந்தக் கணக்கிலும் ஏற்கக்கூடியதல்ல. நடந்தது இதுதான்: வலி மாத்திரை ரத்தம் நுழையும் குழாயைச் சுருக்கிவிட்டது. வயிற்றுப்போக்கும் நீர் மாத்திரையும் உடம்பின் நீரை வற்றவைத்துவிட்டன. இப்படி நெருக்கடி வரும்போது வெளியேறும் குழாயை இறுக்கி, வடிகட்டலைச் சிறுநீரகம் சமாளித்துக்கொள்ளும். ராமிப்ரில் அந்த வழியையும் அடைத்திருந்தது. டாக்டர் வலி மாத்திரையை அடியோடு நிறுத்தி, ராமிப்ரிலையும் நீர் மாத்திரையையும் சில நாள் நிறுத்திவைத்து, இழந்த நீரை ஈடுகட்டுகிறார். கிரியேட்டினின் 1.4-க்கு இறங்குகிறது.

வயிற்றுப்போக்கும் இல்லை, வலி மாத்திரையும் இல்லை, மாத்திரை தொடங்கிய சில நாளிலேயே மளமளவென ஏறுகிறது என்றால் சந்தேகம் வேறு இடத்துக்குப் போகும். இரு சிறுநீரகங்களுக்கும் போகும் தமனிகள் சுருங்கியிருக்கலாம், அல்லது இருக்கும் ஒற்றைச் சிறுநீரகத்தின் தமனி சுருங்கியிருக்கலாம். அங்கே ரத்தம் ஏற்கெனவே குறைந்த அழுத்தத்தில்தான் வருகிறது, வடிகட்டல் நடப்பதே வெளியேறும் குழாயின் இறுக்கத்தை நம்பித்தான். நீண்ட நாள் புகைபிடித்தவர், காலிலோ இதயத்திலோ ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர், பல மாத்திரை போட்டும் பி.பி. அடங்காதவர் ஆகியோரிடம் இதை நினைக்க வேண்டும். டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். மருந்தைச் சீக்கிரம் நிறுத்தினால் பெரும்பாலும் கிரியேட்டினின் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

30 என்பது அதற்குக் கீழே எல்லாம் பத்திரம் என்று சொல்லும் கோடு அல்ல. 2017-இல் பிரிட்டனில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், ஏற்றம் கூடக் கூட, 30-க்குக் கீழேயும்கூட, இதய, சிறுநீரகப் பாதிப்புகள் படிப்படியாக அதிகமாகவே காணப்பட்டன. அந்த ஏற்றம்தான் பாதிப்புக்குக் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் 25 சதவீதம் ஏறியவரை 5 சதவீதம் ஏறியவரைவிடக் கவனமாகப் பின்தொடர அது போதுமான காரணம் என்றே நினைக்கிறேன். இதயம் பலவீனமானவர்களுக்கு மருந்தின் பலன் பெரிது என்பதால் 50 சதவீதம் வரைகூட இதய மருத்துவர்கள் பொறுத்துக்கொள்வதுண்டு.

கிரியேட்டினினோடு பொட்டாசியத்தையும் பார்க்காத ரிப்போர்ட் அரைகுறை ரிப்போர்ட். இதே மாத்திரை பொட்டாசியத்தையும் உடம்பில் தங்கவைக்கும். அது 6-ஐத் தொட்டால் இதயத் துடிப்பே தடுமாறலாம். கிரியேட்டினின் அசையாமல் இருந்தாலும் அப்போது மாத்திரை நிறுத்தப்படும். உடம்புக்கு நல்லது என்று தினமும் இளநீர் குடிப்பவரும், சோடியம் குறைந்த உப்புக்கு மாறியவரும் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம்தான். லோசார்டான், டெல்மிசார்டான் போடுபவர்களுக்கும் இவை எல்லாம் பொருந்தும்.

நம் ஆளுக்கு வயிறு சரியாகி, நன்றாகச் சாப்பிடத் தொடங்கியதும் டாக்டர் ராமிப்ரிலைத் திரும்பத் தொடங்கி, இரண்டு வாரத்தில் மறு பரிசோதனைக்குத் தேதி கொடுக்கிறார். நிறுத்திவைத்த மாத்திரையை யாரும் திரும்பக் கேட்காமலே மறந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது என்பதால், அந்தத் தேதியைச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கிறார்.