780 படங்களுக்கு ஐந்து பரீட்சை

எகிப்தின் கெய்ரோ நகரில் இருக்கும் பஹேயா மருத்துவமனையில் 2018-இல் 600 பெண்களுக்கு எடுத்த மார்பக அல்ட்ராசவுண்டு படங்களை ஆராய்ச்சியாளர்கள் தொகுத்து, 2020-இல் பொதுவெளியில் வைத்தார்கள். மொத்தம் 780 படங்கள். அவற்றில் 437 படங்களில் இருப்பது ஆபத்தில்லாத கட்டி. 210-இல் புற்றுநோய்க் கட்டி. மீதமுள்ள 133-இல் கட்டியே இல்லை. BUSI என்ற பெயரில் இந்தத் தொகுப்பை இன்று யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். கல்லூரி ப்ராஜெக்ட் முதல் ஆய்வுக் கட்டுரை வரை ஏராளமானவர்கள் இதை வைத்துப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் மாடல்களைப் பழக்குகிறார்கள்.

மாடல் எப்படி என்று கேட்டால் ‘இத்தனை சதவீதம் சரியாகச் சொல்கிறது’ என்று பதில் வரும். அந்தச் சதவீதத்தை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் இங்கே கேள்வி. படங்கள் 780 மட்டுமே என்பதால் இது சின்னக் கேள்வி இல்லை.

ஒரே ஒரு பரீட்சையின் சிக்கல்

வழக்கமான முறை எளிது. ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 156 படங்களை, மாடலின் கண்ணில் காட்டாமல் எடுத்து வைப்பார்கள். மீதி 624 படங்களில் மாடலைப் பழக்கிவிட்டு, எடுத்து வைத்த 156-இல் பரீட்சை வைப்பார்கள்.

இந்த 156 படங்களைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கினால் என்ன ஆகும்? கட்டியில்லாத படங்கள் விகிதப்படி 26 அல்லது 27 வர வேண்டும். குருட்டாம்போக்கில் எடுக்கும்போது 18-உம் வரலாம், 35-உம் வரலாம். புற்றுநோய்ப் படங்கள் 42 வர வேண்டிய இடத்தில் 32 வந்தாலும் வியப்பில்லை, 52 வந்தாலும் வியப்பில்லை. மாடலில் ஒரு மாற்றமும் இல்லாமலே, பரீட்சையில் எந்த வகை அதிகம் விழுந்தது என்பதைப் பொறுத்து மதிப்பெண் ஏறி இறங்கும்.

விகிதம் சரியாக அமைந்தாலும் இன்னொரு சிக்கல் மிச்சமிருக்கிறது. 42 புற்றுநோய்ப் படங்களில் 36-ஐ மாடல் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி 86 சதவீதம். ஆனால் 42 என்ற சிறிய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, மாடலின் உண்மையான திறமை 72 சதவீதத்துக்கும் 93 சதவீதத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று மட்டுமே சொல்ல முடியும். 72 என்றால் நான்கு நோயாளிகளில் ஒருவருக்கு மேல் தவறவிடுகிறது என்று பொருள். 93 என்றால் பதினான்கு பேரில் ஒருவரை. மருத்துவருக்கு இவை இரண்டும் வெவ்வேறு கருவிகள்.

பங்கு பிரித்து மாற்றி மாற்றி

இதற்குத்தான் ‘ஸ்ட்ராட்டிஃபைடு கே-ஃபோல்டு’ என்ற முறை. தமிழில் விகிதம் காக்கும் குறுக்குச் சோதனை என்று சொல்லலாம். 780 படங்களையும் ஐந்து பங்காகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு பங்கிலும் மூன்று வகைகளும் மொத்தத்தில் இருக்கும் அதே விகிதத்தில் இருக்க வேண்டும். இந்தத் தொகுப்பில் கணக்கு அழகாகவே பொருந்துகிறது. இரண்டு பங்குகளில் 88 ஆபத்தில்லாத கட்டி, 42 புற்றுநோய், 26 கட்டியில்லாதவை. மற்ற மூன்றில் 87, 42, 27. எப்படிக் கூட்டினாலும் 156.

முதல் பங்கைப் பரீட்சைக்கு ஒதுக்கி, மற்ற நான்கில் மாடலைப் பழக்குகிறோம். பிறகு அந்த மாடலை ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக ஒன்றைத் தொடங்கி, இரண்டாம் பங்கைப் பரீட்சைக்கு ஒதுக்குகிறோம். இப்படி ஐந்து முறை. முடிவில் ஒவ்வொரு படமும் ஒரே ஒரு முறை, அதைப் பார்த்திராத மாடலின் முன்னால், பரீட்சைக்கு வந்திருக்கும். இப்போது 210 புற்றுநோய்ப் படங்களுக்கும் விடை கையில் இருக்கிறது. அவற்றில் 180 சரி என்றால் அதே 86 சதவீதம்தான். ஆனால் ஐயத்தின் எல்லை இப்போது ஏறத்தாழ 80-இலிருந்து 90 வரை. ஒரு படம்கூடப் புதிதாகச் சேர்க்காமல் இடைவெளி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

விகிதம் காக்காமல் பிரித்தால் எவ்வளவு கெடும் என்பதற்கும் இதே தொகுப்பு உதாரணம். கோப்புகள் அகரவரிசையில் benign, malignant, normal என்று அடுக்கியிருக்கும். scikit-learn நூலகத்தின் சாதாரண `KFold` கட்டளை, `shuffle=True` என்று சொல்லாவிட்டால், வரிசையை அப்படியே ஐந்தாக வெட்டும். முதல் இரண்டு பங்கிலும் ஆபத்தில்லாத கட்டி மட்டும்தான். நான்காவது முழுக்கப் புற்றுநோய். கட்டியில்லாத 133 படங்களும் ஐந்தாவது பங்கிலேயே மாட்டிக்கொள்ளும். அந்தப் பங்கு பரீட்சைக்குப் போகும்போது, மாடல் கட்டியில்லாத படம் ஒன்றைக்கூடப் பார்த்திருக்காது. `StratifiedKFold` என்று மாற்றினால் இந்த விபத்து நடக்காது.

விகிதம் காப்பாற்றாத இடங்கள்

780 படங்கள், 600 பெண்கள். அப்படியானால் சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. ஒரே பெண்ணின் ஒரு படம் பயிற்சியிலும் இன்னொன்று பரீட்சையிலும் விழுந்தால், மாடல் புற்றுநோயை அறிய வேண்டியதில்லை, அந்தப் பெண்ணை அடையாளம் கண்டாலே போதும். மதிப்பெண் உயரும், திறமை உயராது. ஒருவரின் படங்கள் அத்தனையும் ஒரே பங்கில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள `StratifiedGroupKFold` இருக்கிறது. ஆனால் அதற்கு எந்தப் படம் யாருடையது என்று தெரிய வேண்டும். இங்கே கோப்பின் பெயர் `benign (1).png` என்ற அளவில் நின்றுவிடுகிறது. தவிர, தொகுப்பில் ஒரே படம் மறுபடி வருவதையும் பின்னர் வேறு ஆராய்ச்சியாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஆகவே, ஒன்றுபோலத் தெரியும் படங்களை முதலில் கணினியால் தேடி, கண்ணாலும் பார்த்து, ஒரே குழுவாகக் கட்டிவிட்டுத்தான் பங்கு பிரிக்க வேண்டும்.

இரண்டாவது ஓட்டை இன்னும் நுட்பமானது. மாடலைப் பழக்கும்போது எந்தச் சுற்றில் நிறுத்துவது என்று பார்க்கப் பலர் பரீட்சைப் பங்கையே பயன்படுத்துகிறார்கள். ஐம்பது சுற்று ஓட்டி, பரீட்சையில் மிக நல்ல எண் வந்த சுற்றை எடுத்துக்கொள்வது, ஐம்பது முறை எழுதிச் சிறந்த தாளை மட்டும் திருத்தக் கொடுப்பதுதான். நிறுத்தும் இடத்தை முடிவு செய்ய, பயிற்சிக்கான 624 படங்களுக்குள்ளிருந்தே ஒரு சிறு பகுதியைத் தனியாக எடுக்க வேண்டும்.

எப்போது கட்டுப்படியாகாது?

1995-இல் ரான் கோஹாவி எழுதிய கட்டுரை ஒன்று, மாடல்களைத் தேர்ந்தெடுக்க விகிதம் காக்கும் பத்துப் பங்குச் சோதனை நல்லது என்று பரிந்துரைத்தது. அவர் சோதித்தவை சி4.5 என்ற முடிவு மரமும் நாயிவ் பேய்ஸும். இரண்டுமே கணினிக்கு இலேசான வேலை. டீப் லேர்னிங் வந்த பிறகு, ‘அதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது’ என்று கைகழுவுவது வழக்கமாகிவிட்டது. உண்மையிலேயே கட்டுப்படியாகாதா என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இமேஜ்நெட் படங்களில் ஏற்கெனவே பழகிய ரெஸ்நெட்-18 மாடலை எடுத்து, 624 படங்களில் மேற்கொண்டு பழக்க ஒரு ஜிபியூவில் பத்து நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பங்குக்கு ஐம்பது நிமிடம். இதைச் செலவு என்றே சொல்ல முடியாது.

செலவு எகிறுவது வேறிடத்தில். கற்கும் வேகம், படத்தின் அளவு என்று 20 வகை அமைப்புகளை ஒப்பிட்டுச் சிறந்ததை எடுக்க நினைக்கிறோம். அந்தத் தேர்வையும் பரீட்சைப் பங்கு பார்க்காமல் செய்ய வேண்டும் என்பதால், ஒவ்வொரு பங்குக்குள்ளும் இன்னொரு ஐந்து பங்குச் சோதனை தேவைப்படுகிறது. உள்ளே 20 அமைப்புக்கு ஐந்து முறை வீதம் நூறு பயிற்சி, கடைசியாகத் தேர்ந்ததைப் பழக்க ஒன்று. வெளியே ஐந்து பங்குக்கும் சேர்த்தால் 505 பயிற்சி. பத்து நிமிட மாடலுக்கு இது மூன்றரை நாள். சிடி ஸ்கேன் போன்ற முப்பரிமாணப் படங்களில் ஒரு பயிற்சிக்கு ஆறு மணி நேரம் ஆகிறது என்றால் 3,030 மணி நேரம். ஒரே ஜிபியூவை வைத்திருப்பவர் நான்கு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

பெரும்பாலோர் இந்த இடத்தில் ஐந்து பங்கை விட்டுவிட்டு, 20 அமைப்புகளையும் ஒரே பிரிப்பில் ஓட்டிப் பார்க்கிறார்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். 42 படங்களை வைத்து அளக்கும்போது ஐயமே பத்துப் புள்ளி. அந்த அளவுகோலில் ஓர் அமைப்பு இன்னொன்றைவிட இரண்டு புள்ளி கூடுதல் என்று வருவது பெரும்பாலும் தற்செயல். 20-இல் முதலிடம் பிடித்தது நல்ல அமைப்பா, அதிர்ஷ்டக்கார அமைப்பா என்று சொல்லவே முடியாது. ஆகவே வெட்ட வேண்டியது தேடலைத்தான், பங்குகளை இல்லை. முந்தைய ஆய்வுகளில் நன்றாக ஓடிய ஓர் அமைப்பை முன்கூட்டியே நிச்சயித்துக்கொண்டு, ஐந்து பங்குக்கும் அதையே ஓட்டினால், ஆறு மணி நேர மாடலுக்கும் 30 மணி நேரத்தில் வேலை முடியும்.

ஏதாவது தேடியே ஆக வேண்டும் என்றால் மலிவான வழியும் உண்டு. பழகிய ரெஸ்நெட்-18-இன் உட்பகுதியைத் தொடாமல், ஒவ்வொரு படத்தையும் ஒரு முறை அதன் வழியாக அனுப்பினால், படத்துக்கு 512 எண்கள் கிடைக்கும். அவற்றின் மேல் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் போன்ற எளிய மாடலை வைத்தால், ஐந்து பங்குச் சோதனையைப் பத்து முறை கலைத்துப் பிரித்தாலும் சாதாரணக் கணினியே தாங்கும். ரெஸ்நெட் இந்த 780 படங்களைப் பார்த்ததில்லை என்பதால் பரீட்சைத்தாளும் கசியாது. படத்தின் அளவு, வகைகளுக்குள் சமன் செய்யும் முறை போன்ற முடிவுகளை இங்கேயே எடுக்கலாம். முழு மாடலைப் பழக்கும்போது இந்த வரிசை கொஞ்சம் மாறலாம். ஆனால் வெளிப்படையாகத் தேறாதவை இங்கேயே கழிந்துவிடும்.

ஒரே பிரிப்பு உண்மையிலேயே போதும் என்ற நிலையும் இருக்கிறது. இமேஜ்நெட்டில் பயிற்சிக்குச் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் படங்கள், சரிபார்க்க 50,000. அங்கே 76 சதவீதம் என்று வந்தால் ஐயம் அரைப் புள்ளியைத் தாண்டாது. ஐந்து முறை பழக்குவது அங்கே மிகப் பெரிய செலவு, கிடைப்பதோ சொற்பம். சோதனைக்குச் செலவு அதிகமாகும் இடத்தில் பெரும்பாலும் அதன் தேவையும் குறைவு. சிறிய தொகுப்பும் கனமான மாடலும் சேரும்போது மட்டும்தான் உண்மையான இழுபறி வருகிறது.

அந்த இழுபறியில் ஐந்து பயிற்சிக்குக்கூட வழியில்லை என்றால், நோயாளிவாரியாகவும் விகிதப்படியும் ஒரே ஒரு முறை பிரித்துப் பரீட்சை வைக்கலாம். அப்போது முடிவை ‘86 சதவீதம்’ என்று எழுதக் கூடாது. ‘42-இல் 36, உண்மை 72-க்கும் 93-க்கும் நடுவே’ என்று எழுத வேண்டும்.