கயிற்றில் ஆடினால் மந்திரி பதவி

ஜொனாதன் ஸ்விஃப்ட் 1726-இல் எழுதிய கலிவர் நாவலில், ஆறு அங்குல மனிதர்கள் வாழும் லில்லிபுட் நாட்டில் கயிற்றின் மேல் உயரமாகத் துள்ளுபவருக்கே மந்திரி பதவி. கோலைத் தாண்டியும் அதன் அடியில் தவழ்ந்தும் காட்டுபவர்களுக்கு அரசர் வண்ண நூல் பரிசளிக்கிறார்.

எந்த அரசவைக்கும் பொருந்தும் கேலிதான். ஆனால் அந்த நூல்களின் நிறம் நீலம், சிவப்பு, பச்சை. இங்கிலாந்து மன்னர் வழங்கிய மூன்று உயர் விருதுப் பட்டைகளின் நிறமும் அவைதான். அதனால்தானோ என்னவோ, முதல் பதிப்பில் ஊதா, மஞ்சள், வெள்ளை என்று அச்சிட்டார்கள். 1735 பதிப்பில்தான் அசல் நிறங்கள் வந்தன. எல்லோரையும்விட உயரமாகத் துள்ளும் நிதி மந்திரி, அன்றைய பிரதமர் வால்போல் என்று வாசகர்கள் ஊகித்தார்கள்.

மிகைப்படுத்தல் சிரிக்க வைக்கும். ஆளைக் காட்டிக்கொடுப்பது இப்படியொரு துல்லியமான விவரம். ‘இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி’ (2006) படத்திலும் பழங்காலத்து அரசவைக்குள் ‘அக்காமாலா’, ‘கப்சி’ என்ற பானங்கள் வருகின்றன. எந்த கம்பெனிகள் என்று தியேட்டரில் யாரும் பக்கத்து சீட்டில் கேட்க வேண்டியிருக்கவில்லை.