அம்மாவின் கைக்கு எளிதாகத் திறக்கும் பரிசு

கடைகளில் ரிப்பன் கட்டி வைத்திருக்கும் சருமப் பராமரிப்புப் பெட்டியில் பெரும்பாலும் வாசனை தூக்கலான ஐந்தாறு குட்டிப் பாட்டில்கள் இருக்கும். எழுபதைத் தாண்டிய அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அது பொருந்தாது. மூன்றே பொருட்களைத் தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பதே மேல்: சோப்பு கலக்காத மென்மையான பாடி வாஷ், மாய்ஸ்சரைசர், பாத வெடிப்புக்குப் பெட்ரோலியம் ஜெல்லி.

வயதாக ஆகச் சருமத்தில் எண்ணெய் சுரப்பது குறைகிறது. ஈரத்தைப் பிடித்து வைக்கும் மேலடுக்கும் பலவீனமாகிறது. கணுக்காலுக்கு மேலே செதில் செதிலாக உரிவதும் ராத்திரி அரிப்பதும் அதனால்தான். காரத்தன்மையுள்ள சாதாரண சோப்பு அந்த வறட்சியை இன்னும் கூட்டும். வாசனைப் பொருட்கள் சிலருக்கு ஒவ்வாமையையும் கிளப்பிவிடும்.

லேபிளில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'அன்சென்டட்' என்று போட்டிருந்தால் மணம் தெரியாது, அவ்வளவுதான். மூலப்பொருளின் வாடையை மறைக்க வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். தேட வேண்டியது 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்ற சொல். அதோடு நிற்காமல் பின்பக்கப் பட்டியலில் 'பர்ஃப்யூம்', 'ஃப்ராக்ரன்ஸ்', லாவெண்டர் எண்ணெய், லினலூல், லிமோனின் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிட வேண்டும். குழந்தைகளுக்கான லோஷன் என்றாலே பாதுகாப்பு என்று நினைக்க முடியாது. அவற்றிலும் பல மணமூட்டப்பட்டவையே.

அளவையும் கணக்குப் போட வேண்டும். பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனிக்கணு நீளத்துக்குப் பிதுக்கிய க்ரீம் சுமார் அரை கிராம். இரண்டு கைக்கும் இரண்டு காலுக்கும் அப்படி 24 முறை, அதாவது ஏறக்குறைய 12 கிராம் தேவை. பரிசுப் பெட்டியின் 50 கிராம் ட்யூப் நான்கே நாளில் தீர்ந்துவிடும். 400 கிராம் பாட்டில் ஒரு மாதம் வரும்.

இனி, மூடி. விரல் மூட்டு வலிக்கும் கைக்குத் திருகு மூடியும் கெட்டியான ட்யூப்பும் பெரும் தொல்லை. பம்ப் பாட்டில் நல்லதுதான். ஆனால் ஸ்ப்ரிங் விறைப்பாக இருந்தால் அதுவும் பயன்படாது. வாங்குபவர் விரல்களை மடக்கிக்கொண்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியால் மட்டும் கடையிலுள்ள மாதிரிப் பாட்டிலை அழுத்திப் பார்க்கலாம். பாட்டில் சாய்ந்தாலோ பலமாக அழுத்த வேண்டியிருந்தாலோ அதை வாங்க வேண்டாம். ஜெல்லிக்கு அகன்ற வாய் டப்பா வசதி.

புதிய க்ரீமை முதலில் முழங்கை மடிப்பின் உட்பக்கம் ஓரிடத்தில் மட்டும் தினம் இருமுறை, ஒரு வாரம் தடவிப் பார்ப்பது நல்லது. சிவந்தாலோ அரித்தாலோ நிறுத்திவிட வேண்டும். க்ரீம் ஊறிய துணியில் தீ சட்டென்று பரவும் என்பதால் அடுப்பு, விளக்கு அருகே கவனம் தேவை. பாதத்துக்கு ஜெல்லி தடவினால் படுத்த பிறகு தடவுவதே சரி, தரையில் வழுக்கும். மாய்ஸ்சரைசர் பூசியும் உடம்பெங்கும் அரிப்பு வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு கோளாறுகளிலும் அப்படி அரிக்கும்.

கொடுப்பதற்கு முன் பம்பின் பூட்டைத் திருகித் திறந்து, மூடிக்கு அடியிலுள்ள அலுமினியத் தாளையும் கிழித்துவிட வேண்டும். பாட்டிலின் மேல் 'குளிக்க', 'குளித்ததும் பூச' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டால், அம்மா கண்ணாடியைத் தேட வேண்டியிருக்காது.