கூட்டம் முடிந்தது, ரெக்கார்டிங் எங்கே?

ஜூம் கூட்டத்தில் கலந்துகொள்பவர் வெளியேற ஒரே வழிதான் உண்டு. “Leave” பொத்தானை அழுத்தினால் அவர் மட்டும் போய்விடுவார், மற்றவர்களின் பேச்சு தொடரும். கூட்டத்தை நடத்தும் ஹோஸ்ட்டுக்கு அதே இடத்தில் “End” என்று சிவப்பாக ஒரு பொத்தான் தெரியும். அதை அழுத்தியதும் “End Meeting for All”, “Leave Meeting” என்று இரண்டு வழிகள் திறக்கும். கூட்டம் முடிகிற களைப்பில் பலரும் கண்ணில் முதலில் பட்டதை அழுத்திவிடுகிறார்கள். பெரும்பாலான நாட்களில் அதனால் ஒன்றும் ஆவதில்லை. ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருக்கும் நாளில் மட்டும் இந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருப்பது அவசியமாகிறது.

முதலில் ஆட்களுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். “End Meeting for All” என்று கொடுத்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியேற்றப்படுவார்கள். கூட்டத்தை ஹோஸ்ட் முடித்துவிட்டார் என்ற அறிவிப்பு அவர்களின் திரையில் வரும். தனித்தனி அறைகளில் சிறு குழுக்களாகப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கும் இதுதான் கதி. ஆனால் இதில் முடிவது அன்றைய அமர்வு மட்டுமே, கூட்டத்தின் லிங்க் அப்படியே இருக்கும். ஹோஸ்ட் வருவதற்கு முன்பே மற்றவர்கள் உள்ளே வரலாம் என்ற அமைப்பை இயக்கி வைத்திருந்தால், அதே லிங்க்கைச் சொடுக்கி அவர்கள் மறுபடி கூடிக்கொள்ள முடியும். மாணவர்களுக்கு ஆன்லைன் வகுப்பு எடுப்பவர்கள் இந்த அமைப்பை அணைத்து வைப்பது நல்லது. ஆசிரியர் இல்லாத நேரத்தில் வகுப்பறை திறந்து கிடக்கக் கூடாது.

“Leave Meeting” கொடுக்கும்போது, புதிய ஹோஸ்ட்டாக யாரை நியமிக்கிறீர்கள் என்று ஜூம் கேட்கும். பட்டியலில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டு வெளியேறலாம். அந்த நிமிடத்திலிருந்து மைக்கை அணைப்பது, காத்திருப்போரை உள்ளே விடுவது, கூட்டத்தை முடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. முன்கூட்டியே ஒருவரைக் கோ-ஹோஸ்ட்டாக வைத்திருந்தால் இன்னொரு பாதுகாப்பும் கிடைக்கிறது. இணையம் அறுந்து ஹோஸ்ட் பாதியில் விழுந்துவிட்டாலும் கூட்டம் அனாதையாகாது, பொறுப்பு கோ-ஹோஸ்ட்டிடம் போகும். முதல் ஹோஸ்ட் அதே கணக்கில் திரும்பி வந்தால் பொறுப்பை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கான “Reclaim Host” பொத்தான் பங்கேற்பாளர் பட்டியலில் இருக்கும்.

ரெக்கார்டிங்கில்தான் மக்கள் ஏமாறுகிறார்கள். கூட்டம் நடக்கும்வரை ரெக்கார்டிங்கும் நடக்கும் என்றே நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ரெக்கார்டிங் கூட்டத்தோடு கட்டப்பட்டதல்ல. ஒன்று, அது ஒரு கணினியில் ஓடுகிறது. அல்லது, ஒரு கணக்கின் பெயரில் ஜூமின் சர்வரில், அதாவது கிளவுடில், ஓடுகிறது. இரண்டில் எது என்பதைப் பொறுத்தே ஹோஸ்ட் கிளம்பும்போது அதன் தலைவிதி மாறும்.

ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். மாலை 6 மணிக்குச் செயலாளர் தன் லேப்டாப்பில், தன் கணக்கிலிருந்து கூட்டத்தைத் தொடங்குகிறார். கட்டணக் கணக்கு என்பதால் இலவசக் கணக்கின் 40 நிமிட வரம்பு இல்லை. ரெக்கார்ட் பொத்தானை அழுத்தியதும், கணினியிலேயே பதியவா, கிளவுடில் பதியவா என்று ஜூம் கேட்கிறது. அவர் கணினியைத் தேர்ந்தெடுக்கிறார். வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படுகிறது, தண்ணீர் லாரிச் செலவு பற்றி வாக்குவாதம் நடக்கிறது. 7 மணிக்கு அவர் ரயிலுக்குக் கிளம்ப வேண்டும். பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்தும் தீர்மானம் இன்னும் வரவில்லை.

“சார், நான் கிளம்பணும். ஹோஸ்ட்டை உங்க பேருக்கு மாத்தி விட்டுட்டுப் போறேன், மிச்சத்தை நீங்க பார்த்துக்கோங்க” என்கிறார் பொருளாளரிடம்.

“சரிங்க மேடம், நீங்க கிளம்புங்க. ரெக்கார்டிங்தான் ஓடிட்டிருக்கே” என்கிறார் பொருளாளர்.

செயலாளர் “Leave Meeting” கொடுத்த நொடியே அந்த ரெக்கார்டிங் நின்றுவிட்டது. அது அவர் லேப்டாப்பில் ஓடியது, லேப்டாப் கூட்டத்தை விட்டுப் போய்விட்டது. கூட்டமோ இன்னும் 40 நிமிடம் நடக்கிறது, தீர்மானம் நிறைவேறுகிறது, எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்யச் சொல்கிறார்கள். எதுவும் பதிவாகவில்லை. இதைக் கண்டுபிடிக்க வழி இருந்தது. ரெக்கார்டிங் ஓடும்போது திரையின் மேல்மூலையில் “Recording” என்ற அடையாளம் இருக்கும். அவர் வெளியேறியதும் அது மறைந்திருக்கும். ஹோஸ்ட் மாறியதும் புது ஹோஸ்ட் முதலில் பார்க்க வேண்டியது அந்த மூலையைத்தான்.

சரியாகச் செய்திருந்தால், 7 மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே பொருளாளரைக் கோ-ஹோஸ்ட் ஆக்கி, அவர் கணினியிலும் ரெக்கார்டிங்கைத் தொடங்கச் சொல்லியிருக்கலாம். இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் பதிவு ஓடுவதில் தடையில்லை. அந்த ஐந்து நிமிடம் இரண்டிலும் பதிவாகும், பிறகு எந்த இடத்திலிருந்து எதைக் கேட்க வேண்டும் என்பதில் குழப்பம் வராது. ஆனால் பொருளாளர் கைபேசியில் இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். ஜூம் செயலியில் கைபேசியிலேயே கோப்பாகப் பதியும் வசதி இல்லை, கைபேசியிலிருந்து கிளவுட் ரெக்கார்டிங் மட்டும்தான் முடியும். “நீங்க லேப்டாப்ல இருக்கீங்களா, ஃபோன்ல இருக்கீங்களா?” என்று ஒரு வார்த்தை கேட்காமல் பொறுப்பை மாற்றக் கூடாது.

கணினியில் பதிந்தவருக்கு இன்னொரு கண்டம் கூட்டம் முடிந்த பிறகு வருகிறது. கூட்டம் நடக்கும்போது உருவாவது நாம் திறந்து பார்க்கக்கூடிய வீடியோ அல்ல. ரெக்கார்டிங் செய்தவர் வெளியேறிய பிறகு, அல்லது எல்லாருக்குமாகக் கூட்டம் முடிந்த பிறகு, ஜூம் அதை வீடியோவாக மாற்றத் தொடங்கும். வேலை எவ்வளவு ஆகியிருக்கிறது என்று ஒரு சிறு சன்னலில் கோடு நகர்ந்துகொண்டிருக்கும். நீண்ட கூட்டம், பழைய லேப்டாப் என்றால் கொஞ்ச நேரம் எடுக்கும். ரயிலுக்கு ஓடும் செயலாளர் செய்யக்கூடிய மிக இயல்பான காரியம், லேப்டாப்பைப் பட்டென்று மூடிப் பைக்குள் வைப்பது. அப்படி வைத்தால் மாற்றம் பாதியில் நின்றுபோகும்.

அதற்காக எல்லாம் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். கணினியின் Documents கோப்புறைக்குள் Zoom என்ற கோப்புறை இருக்கும். அதனுள்ளே தேதி, நேரம், கூட்டத்தின் பெயர் ஆகியவற்றோடு ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கோப்புறை உண்டு. அன்றைய கோப்புறையைத் திறந்தால் இப்படி ஒரு கோப்பு கிடக்கும்:

```
double_click_to_convert_01.zoom
```

பெயரே சொல்வதுபோல அதன்மேல் இருமுறை சொடுக்கினால் மாற்றம் மறுபடி தொடங்கும். முடிந்ததும் வீடியோ ஒரு .mp4 கோப்பாகவும், ஒலி மட்டும் ஒரு .m4a கோப்பாகவும் அதே இடத்தில் வந்து நிற்கும். அதுவரை அந்தக் கோப்புறையில் எதையும் அழிக்கக் கூடாது, பெயர் மாற்றக் கூடாது, ஒன்றை மட்டும் பிரித்து வேறு கணினிக்கு எடுத்துப் போகவும் கூடாது. கூட்டத்தின் நடுவே பேட்டரி தீர்ந்து கணினி திடீரென்று அணைந்திருந்தால் மட்டும் கோப்பு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. முக்கியமான கூட்டத்தில் சார்ஜரைச் செருகி வைக்கச் சொல்வது அதனால்தான்.

அதே செயலாளர் கிளவுடைத் தேர்ந்தெடுத்திருந்தால்? அவர் பொறுப்பை மாற்றிவிட்டுப் போன பிறகும் பதிவு தொடரும். தீர்மானம் பதிவாகும், எதிர்ப்பும் பதிவாகும். கோப்பு யார் கையில் சேரும் என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். கூட்டத்தை முடித்தவர் பொருளாளர் என்றாலும் ரெக்கார்டிங் செயலாளரின் கணக்கில்தான் போய்ச் சேரும். கோ-ஹோஸ்ட் தொடங்கிய கிளவுட் பதிவுக்கும் இதே விதிதான். பொருளாளர் தன் கணக்கில் தேடினால் கிடைக்காது, செயலாளர் ஜூம் இணையதளத்தில் நுழைந்து எடுத்து அனுப்ப வேண்டும். உடனேயும் கிடைக்காது. கூட்டம் நடந்த நேரத்தைப்போல ஏறக்குறைய இரு மடங்கு நேரம் தயாராவதற்கு ஆகும் என்பது ஜூம் சொல்லும் பொதுக்கணக்கு, நெரிசல் இருந்தால் இன்னும் தாமதமாகும். தயாரானதும் மின்னஞ்சல் வரும். இங்கே லேப்டாப்பை உடனே மூடிவிட்டுப் போவதில் ஆபத்தே இல்லை.

கிளவுடின் ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. பொருளாளர் தீர்மானம் முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு, “End Meeting for All” கொடுக்காமல் “Leave Meeting” கொடுத்து இன்னொருவரை ஹோஸ்ட்டாக்கிப் போகிறார் என்று வையுங்கள். உள்ளே நான்கைந்து பேர் நிற்கிறார்கள். கூட்டம் முடிந்த நினைப்பில், கட்டணம் கட்டாத வீட்டைப் பற்றியும், யாருக்கு என்ன கஷ்டம் என்பது பற்றியும் மனம் விட்டுப் பேசுகிறார்கள். யாரும் நிறுத்தாததால் பதிவு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அத்தனையும் ஒரே கோப்பில் சேர்ந்து செயலாளர் கணக்குக்குப் போகும். மறுநாள் அவர் அதைக் கேட்டுப் பார்க்காமல் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் லிங்க்கைப் போட்டால், அந்தப் பேச்சு முழுக் குடியிருப்புக்கும் போய்விடும். ஒரு குடும்பத்தின் கஷ்டம் அவர்களைக் கேட்காமலே பொதுவுக்கு வரும். இதைத் திருத்த வழியே கிடையாது. கிளவுட் கோப்பை அழித்தால் 30 நாள்வரை குப்பைத்தொட்டியிலிருந்து மீட்க முடியும், கேட்டவர் காதிலிருந்து எதையும் மீட்க முடியாது.

ஆகவே தலைமை தாங்குபவர் நன்றி சொன்னதும் முதலில் ரெக்கார்டிங்கை நிறுத்த வேண்டும். இடைவேளைக்கு “Pause” போதும், மறுபடி தொடங்கும்போது அதே கோப்பில் தொடரும். நிறுத்தித் தொடங்கினால் தனித் துண்டாக வரும். முடிவில் கொடுக்க வேண்டியது “Stop”. அதன் பிறகு பேசிக்கொண்டிருக்க விரும்புபவர்களை விட்டுவிட்டு வெளியேறலாம், இல்லையென்றால் எல்லாருக்குமாக முடித்துவிடலாம்.

மற்றச் செயலிகளிலும் கேள்வி இதேதான், பதில் மட்டும் கொஞ்சம் மாறும். மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் பதிவைத் தொடங்கியவர் வெளியேறினாலும் பதிவு நிற்காது, எல்லாரும் போன பிறகுதான் நிற்கும். கூகுள் மீட்டில் ரெக்கார்டிங் வசதி உள்ள கணக்கு என்றால், கோப்பு கூட்டத்தை ஏற்பாடு செய்தவரின் கூகுள் டிரைவில் “Meet Recordings” என்ற கோப்புறையில் சேரும். இரண்டிலுமே ஹோஸ்ட் தான் மட்டும் போகலாம், அல்லது எல்லாருக்குமாக முடிக்கலாம்.

அடுத்த முறை பாதியில் கிளம்ப நேர்ந்தால், சிவப்புப் பொத்தானைத் தொடுவதற்கு முன் ரெக்கார்டிங் உங்கள் கணினியில் ஓடுகிறதா, கிளவுடில் ஓடுகிறதா என்று பாருங்கள். கணினியில் என்றால் அடுத்தவர் பதியத் தொடங்கும்வரை கிளம்பாதீர்கள். கிளவுடில் என்றால் யார் அதை நிறுத்தப் போகிறார் என்று பெயர் சொல்லிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.