பலகை சொல்வதும் பயணிகள் காத்திருந்ததும்

20 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று நிறுத்தத்தில் பலகை இருக்கிறது. பஸ் சொன்னபடி வந்தால், மணி பார்க்காமல் வந்து நிற்பவருக்கு 0 முதல் 20 நிமிடம் வரை எந்தக் காத்திருப்பும் சம வாய்ப்புள்ளது. அதாவது 5 நிமிடத்துக்குள் பஸ் கிடைப்பவர்கள் கால் பங்கு, 10 நிமிடத்துக்குள் பாதிப் பேர். பலகையின் கூற்றை வரைந்தால் 0-இலிருந்து 1 வரை ஏறும் நேர்கோடு.

வெவ்வேறு நாட்களில் வந்த பத்துப் பேரின் காத்திருப்பு (விளக்கத்துக்காக நானே அமைத்த எண்கள்): 4, 8, 13, 14, 15, 16, 17, 18, 19, 20. பலகையை நம்பலாமா? கொல்மோகோரோவ்–ஸ்மிர்னோவ் சோதனை இதற்கு விடை தரும்.

முதலில் எண்களை ஏறுவரிசையில் வைக்க வேண்டும். பிறகு, ஒவ்வொரு எண்ணை எட்டும்போதும் பத்தில் ஒரு பங்கு உயரும் படிக்கட்டு ஒன்றை வரைய வேண்டும். மாதிரியின் பரவல் இந்தப் படிக்கட்டுதான். அதற்கும் நேர்கோட்டுக்கும் இடையே எங்கே இடைவெளி மிக அதிகம் என்று தேடுவதுதான் மிச்ச வேலை. அந்த இடைவெளிக்கு D என்று பெயர்.

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். 13 நிமிடத்தைப் பாருங்கள். நேர்கோட்டின் உயரம் 13/20, அதாவது 0.65. படிக்கட்டு அங்கே 0.2-லிருந்து 0.3-க்கு ஏறுகிறது. ஏறிய பிறகு அளந்தால் இடைவெளி 0.35, ஏறுவதற்குச் சற்று முன் அளந்தால் 0.45. ஒவ்வொரு படியிலும் இரண்டையும் அளந்தே ஆக வேண்டும். மற்ற ஒன்பது எண்களிலும் இதைவிடப் பெரிய இடைவெளி இல்லை. எனவே D = 0.45.

பலகை சொல்வது உண்மையாகவே இருந்தாலும், பத்துப் பேரை மட்டும் கேட்டால் ஓரளவு இடைவெளி தற்செயலாக வரும். எவ்வளவு வரை பொறுக்கலாம் என்பதற்கு அட்டவணை உண்டு: பத்து எண்களுக்கு, 5 சதவீத மட்டத்தில், எல்லை 0.409. நம் 0.45 அதைத் தாண்டுகிறது. பலகையின் கூற்றை நிராகரிக்கலாம். 0.35-ஐ மட்டும் பார்த்தவர் நேர்மாறான முடிவுக்கு வந்திருப்பார். எண்கள் நாற்பதுக்கு மேல் போனால் அட்டவணையும் வேண்டாம், 1.36-ஐ எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் எல்லை கிடைத்துவிடும்.

ஒப்பிடும் பரவல் தொடர்ச்சியானதாக இருந்தால், அதன் வடிவம் எதுவானாலும் இதே அட்டவணை பொருந்தும். 1933-இல் கொல்மோகோரோவ் நிறுவிய இந்த உண்மைதான் சோதனையின் அழகு என்பேன்.

ஆனால் ஒரு நிபந்தனை: அந்தப் பரவல் தரவைப் பார்ப்பதற்கு முன்பே முழுதாகத் தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். நமக்கு 20 என்ற எண்ணைப் பலகை தந்தது. இயல்நிலைப் பரவலைச் சோதிக்கும் பலர் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் அதே மாதிரியிலிருந்தே எடுக்கிறார்கள். அப்போது கோடு தரவை நோக்கி முன்பே இழுக்கப்பட்டுவிடுவதால் D சுருங்குகிறது. பழைய அட்டவணை எதையும் எளிதில் தேற வைத்துவிடும். இதற்கென லில்லிஃபோர்ஸ் 1967-இல் தனி அட்டவணை தந்தார். அதில் பத்து எண்களுக்கான எல்லை ஏறத்தாழ 0.26 மட்டுமே.