புளி தீர்ந்த நாளில்

நான்கு பேருக்கு ரசம் வைக்கப் பெரிய நெல்லிக்காய் அளவு புளி வேண்டும், ஏறக்குறைய 15 கிராம். டப்பாவைத் திறந்தால் நாரும் கொட்டையும்தான் ஒட்டிக்கிடக்கின்றன. கூடையில் ஒரு எலுமிச்சம்பழமும் ஆறு தக்காளியும் இருக்கின்றன. எதை, எவ்வளவு போடுவது?

மாற்றுப்பொருள் அட்டவணைகளில் ‘புளிக்கரைசல் ஒரு கரண்டி என்றால் எலுமிச்சைச் சாறும் ஒரு கரண்டி’ என்ற ரீதியில் அளவு இருக்கும். புளிப்பைக் கணக்கிட்டால் விடை இன்னும் தெளிவாகும். புளியின் சதையில் அமிலம் நூற்றுக்கு 8 முதல் 18 பங்கு வரை இருக்கும். 12 என்று வைத்துக்கொண்டால் 15 கிராமில் 1.8 கிராம். எலுமிச்சைச் சாற்றில் 5 அல்லது 6 பங்கு என்பதால் இரண்டு மேசைக்கரண்டிச் சாறு, அதாவது சாறு நிறைந்த ஒரு பழம் போதும். தக்காளியில் அரைப் பங்குகூடத் தேறுவது அரிது. அதே புளிப்புக்கு 400 கிராம், நடுத்தர அளவில் ஐந்து பழம் வேண்டும்.

ஐந்தையும் கரைத்துவிட்டால் ரசம் தெளிவு போய், இனிப்பேறி, சூப் மாதிரி ஆகிவிடும். இரண்டு தக்காளி, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு என்ற கூட்டே பக்குவமானது. தக்காளியை முதலிலேயே கரைத்துக் கொதிக்கவிடலாம். சாற்றை நுரை கூடி அடுப்பை அணைத்த பிறகுதான் பிழிய வேண்டும். கொதியில் எலுமிச்சையின் புளிப்பு போவதில்லை, மணம்தான் போகிறது, கசப்பும் தட்டும்.

குழம்பில் சிக்கல் வேறு. புளித்தண்ணீரில் வேகும் கத்தரிக்காய் குழையாமல் நிற்பதற்குக் காரணம் அந்த அமிலமே. காயின் சுவரைப் பிடித்துவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் எளிதில் கரையாது. கடைசியில் எலுமிச்சை பிழியும் குழம்பில் அந்தக் காவல் இல்லை. அதனால் காயை முக்கால் பதத்திலேயே இறக்கிவிட வேண்டும். புளி தரும் கெட்டித்தன்மையும் இருக்காது. ஒரு தேக்கரண்டி அரிசிமாவைக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டால் ஈடுகட்டலாம்.

மீன் குழம்புக்கு எலுமிச்சையைவிடக் குடம்புளியே நல்ல மாற்று. கேரளத்தில் மீனுக்கு அதுதான் வழக்கம். அரைக் கிலோ மீனுக்கு மூன்று, நான்கு சுளைகளைக் கழுவி, கால் மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, நீரோடு சேர்த்துக் குழம்பில் போடலாம். புகையில் உலர்த்திய சுளையானால் குழம்பிலும் லேசான புகைவாசம் இருக்கும். புளியைப் போல இது மொத்தமாகக் கரைவதில்லை. சட்டியிலேயே விட்டுவைத்தால் இரவெல்லாம் புளிப்பை விட்டுக்கொண்டிருக்கும். மறுநாளைக்கு எடுத்துவைக்கும் குழம்பானால் ருசி சரியானதும் சுளைகளை எடுத்துவிட வேண்டும்.